பொடிக் கடைக்கான முழு பிராண்டிங்: விலைப்புள்ளியும் திட்டமும்

அல்சூர், பெங்களூரு
9 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை கடையில் பேசியதை வைத்து இதை எழுதுகிறேன். பருப்புப் பொடியைச் சுடுசாதத்தில் பிசைந்து கொடுத்தீர்களே, அந்த வீட்டு ருசி லேபிளைப் பார்த்ததுமே தெரிய வேண்டும். அதனால் வட்டிலும் உரலும் வரைந்த வழக்கமான லோகோ வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் அம்மாவின் கையெழுத்திலிருந்தே எழுத்துருவை உருவாக்கலாம். பழைய சமையல் நோட்டைக் கொடுத்தனுப்புங்கள்.

லோகோ, நிறங்கள், எழுத்துரு: ரூ.18,000. மூன்று மாதிரிகள், இரண்டு முறை திருத்தம்.
ஆறு பொடிகளுக்கு லேபிள்: ரூ.15,000.
பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு, பை: ரூ.7,000.
வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் படங்கள்: ரூ.5,000.
மொத்தம் ரூ.45,000. நான் ஜிஎஸ்டியில் பதிவு செய்யவில்லை, வரி சேராது. அச்சுச் செலவு தனி.

பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்பது 2024 முதல் சட்டம். தமிழைச் சின்னதாக ஆனால் அழகாக வைத்துத் தருகிறேன். லேபிளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், சேர்மானப் பட்டியல், நிகர எடை, எம்ஆர்பி எல்லாம் வேண்டும். இவை கைக்கு வராமல் லேபிள் வேலையைத் தொடங்க முடியாது. பெயரை, மசாலாப் பொருள்களுக்கான 30ஆம் வகுப்பில் டிரேட்மார்க் பதிவு செய்துவிடுங்கள். தனிநபருக்கு ஆன்லைன் அரசுக் கட்டணம் ரூ.4,500.

பாதி முன்பணம், மீதி கோப்புகளை ஒப்படைக்கும்போது. ஐந்து வாரத்தில் முடியும். இந்த விலை 30 நாளுக்குச் செல்லும். சம்மதம் என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்,
டிசைனர் தம்பி