2026 ஏப்ரல் மாதப் பதிவு நாட்காட்டி: கைத்தைப்புக் குறிப்பேடுகளுக்கான நம் பக்கம்

இம்மாதம் திங்கள், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்களில் மட்டும் இரவு 7 மணிக்குப் பதிவிடுகிறோம். மொத்தம் 13 பதிவுகள். மார்ச்சில் தினமும் பதிவிட முயன்று, இரண்டாம் வாரத்திலேயே பழைய படங்களைத் திரும்பப் போடும் நிலைக்கு வந்துவிட்டோம். தைப்பதும் நாமே, படமெடுப்பதும் நாமே என்றிருக்கும் இருவருக்கு இந்த எண்ணிக்கையே சரி. திங்கள் செய்முறைக்கும், வியாழன் தாள், மை பற்றிய தகவல்களுக்கும், சனி வாங்குவோருக்கும் உரியவை. மார்ச் 29, ஏப்ரல் 12 ஆகிய இரு ஞாயிறு காலைகளில் ஜன்னலோர வெளிச்சத்தில் படங்களை எடுத்து முடித்துவிட வேண்டும். பதிவிட்ட பின் ஒரு மணி நேரம் கருத்துகளுக்குப் பதில் எழுத ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அதற்கு வழியில்லாத நாளில் பதிவை மறுநாளுக்குத் தள்ளலாம்.

முதல் வாரம்: அளவும் அறிமுகமும்

ஏப்ரல் 2, வியாழன்: A4 தாளைக் குறுக்கே பாதியாக மடித்தால் 148 × 210 மி.மீ. அளவுள்ள A5 கிடைப்பதையும், அளவு பாதியானாலும் நீள அகல விகிதம் மாறாததையும் நான்கு படங்களில் காட்டுகிறோம். அளவு கேட்டு வரும் செய்திகளுக்கு இந்தப் பதிவையே அனுப்பலாம்.

ஏப்ரல் 4, சனி: மேசை, ஊசி, நூல், இரு கைகள் ஆகியவற்றோடு நம்மை அறிமுகப்படுத்தும் படம். விற்பனை வரி வேண்டாம்.

ஏப்ரல் 6, திங்கள்: மெழுகு பூசிய நூலால் மடிப்புகளைத் தைக்கும் ரீல், செங்குத்தாக 1080 × 1920 அளவில். பாட்டு சேர்க்காமல், தாளில் நூல் உரசிச் செல்லும் ஒலியை மட்டும் விடுகிறோம்.

இரண்டாம் வாரம்: தாள்

ஏப்ரல் 9, வியாழன்: 70, 100, 120 ஜிஎஸ்எம் தாள்களில் ஒரே மைப்பேனாவால் ஒரே வரியை எழுதி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் காட்டுகிறோம். கனம் கூடினாலே மை ஊறாது என்று சொல்லிவிடக் கூடாது. மேற்பரப்பு எப்படிப் பதப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதும் அதைத் தீர்மானிக்கிறது என்று விளக்கத்தில் தெளிவாக எழுத வேண்டும்.

ஏப்ரல் 11, சனி: கோடு, கட்டம், புள்ளி, வெற்றுத்தாள் ஆகியவற்றில் எது வேண்டும் என்று வாக்கெடுப்பு. மே மாதத்து 60 ஏடுகளை இதன்படியே தைப்போம் என்பதை அங்கேயே அறிவிக்கிறோம்.

ஏப்ரல் 13, திங்கள்: தாளின் இழை ஓடும் திசையில் மடித்தால் மடிப்பு சீராகவும், குறுக்கே மடித்தால் வெடிப்பாகவும் வருவதை அருகருகே காட்டும் காணொளி.

மூன்றாம் வாரம்

ஏப்ரல் 16, வியாழன்: அதுவரை வந்த கேள்விகளில் மூன்றுக்குப் பதில்.

ஏப்ரல் 18, சனி: வாங்கியவர் ஒருவரின் நிரம்பிய ஏடு. எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் உள்பக்கங்களைக் காட்டக் கூடாது. அனுமதி வராவிட்டால் அட்டையின் தேய்மானம் மட்டும் போதும், அதுவே அழகான படம்.

ஏப்ரல் 20, திங்கள்: பசையின் ஈரத்தில் வளைந்துபோன அட்டை. பிழையை மறைக்காமல் காட்டி, பளுவின் கீழ் ஓர் இரவு வைத்து உலர்த்துவது ஏன் என்று விளக்குகிறோம். இம்மாதத்தில் நான் மிகவும் நம்பும் பதிவு இது.

நான்காம் வாரமும் மாத முடிவும்: புத்தக நாளும் விற்பனையும்

ஏப்ரல் 23, வியாழன்: யுனெஸ்கோ 1995-இல் அறிவித்த உலகப் புத்தக, பதிப்புரிமை நாள். ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616-இல் ஒரே நாளில் இறந்தார்கள் என்ற வரியை நாம் எழுதக் கூடாது. அன்று இங்கிலாந்து ஜூலியன் நாட்காட்டியையும் ஸ்பெயின் கிரிகோரியன் நாட்காட்டியையும் பின்பற்றியதால், ஒரே தேதி என்று சொல்லப்பட்டாலும் இடையில் குறைந்தது 10 நாட்கள் உண்டு. முதுகுத் தையல் பிரிந்த பழைய புத்தகம் ஒன்றைப் பிரித்து மறுபடி தைக்கும் காணொளியை அன்று வெளியிடுகிறோம். தள்ளுபடி அறிவிப்பு அந்த நாளுக்குப் பொருந்தாது.

ஏப்ரல் 25, சனி: மாதத்தின் ஒரே நேரடி விற்பனைப் பதிவு. தயாராக உள்ள 40 ஏடுகளின் அளவு, தாளின் கனம், பக்க எண்ணிக்கை, விலை, அனுப்பும் நாள் ஆகிய அனைத்தும் முதல் படத்திலேயே இருக்க வேண்டும். பார்வையற்றோர் கேட்டறியும்படி அவற்றை மாற்று உரையிலும் எழுதுகிறோம். "விலைக்குச் செய்தி அனுப்பவும்" என்ற வரியை இனி எங்கும் பயன்படுத்துவதில்லை.

ஏப்ரல் 27, திங்கள்: பொதியும் முறை, முனைகள் நசுங்காமல் காக்கும் அட்டைத் துண்டுகளோடு.

ஏப்ரல் 30, வியாழன்: வாக்கெடுப்பின் முடிவும், அதன்படி வெட்டி அடுக்கப்பட்ட மே மாதத் தாள்களின் படமும். அன்றிரவே ஒவ்வொரு பதிவுக்கும் கிடைத்த சேமிப்புகளையும் வந்த விசாரணைகளையும் எண்ணி, மே நாட்காட்டியில் எந்தக் கிழமையின் பொருளை மாற்றுவது என்று முடிவெடுக்கிறோம்.