முடிவுகள்: அடிவலையும் பாசி விளைச்சலும்

மண்டபம் பாக் விரிகுடாக் கரையில் 45 நாள் வளர்ந்த கப்பாபைகஸ் பாசியின் ஈர எடையை வெல்ச் t சோதனையால் ஒப்பிட்டோம். அடிவலை கட்டிய மிதவைகள் (n = 24, M = 238.5 கிலோ, SD = 31.2) வலையில்லாதவற்றை விட (n = 24, M = 211.4, SD = 35.6) அதிகம் விளைந்தன: t(45.2) = 2.80, p = .007, சராசரி வேறுபாடு 27.1 கிலோ, 95% நம்பிக்கை இடைவெளி [7.6, 46.6]; கோஹனின் d = 0.81, 95% நம்பிக்கை இடைவெளி [0.22, 1.39]. விளைவு பெரிதுதான், ஆனால் இடைவெளி இவ்வளவு அகலமாக இருப்பதால், வலைச் செலவைக் கணக்கிடும்போது 7.6 கிலோ என்ற கீழ் எல்லையையும் பார்க்க வேண்டும். அப்புறம், வெண்நோய் வலையுள்ள 5 மிதவைகளிலும் வலையில்லாத 8 மிதவைகளிலும் தென்பட்டது: χ²(1, N = 48) = 0.95, p = .330, φ = .14, வேறுபாடு 12.5 சதவீதப் புள்ளி, 95% நம்பிக்கை இடைவெளி [−12.4, 37.4]. வலை நோயைத் தடுக்கவில்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.