வாய்க்கால் ஓரத்து நிலம்

(மன்னார்குடி அருகே நேரடி நெல் கொள்முதல் நிலையக் களம். ஐப்பசி. குறுவை நெல் குவியல் பாதி மூடிக் கிடக்கிறது. அண்ணனுக்கு அறுபது வயது. எதிர்முனைக் குரல் கேட்காது. இடைவெளிகளில் நடிகர் கேட்க மட்டும் வேண்டும், தலையாட்டிக் காட்டக் கூடாது.)

அண்ணன்: (உள்ளே பார்த்து) ஈரம் 19ஆ? 17க்கு மேல் எடுக்க மாட்டீர்களா?

(போன் ஒலிக்கிறது.)

சொல் தம்பி. களத்தில்தான்... நெல் நன்றாகக் காய்ந்திருக்கிறது.

(இடைவெளி)

இதைக் கேட்கவா கூப்பிட்டாய்?

(நீண்ட இடைவெளி. தார்ப்பாய் மூலையைக் காலால் மிதித்துக்கொள்கிறார்.)

எந்த நிலத்தை?

(இடைவெளி)

உன் பங்குதான், இல்லை என்றேனா? அந்த வாய்க்கால் வழியாகத்தானே என் வயலுக்குத் தண்ணீர் இறங்குகிறது.

(இடைவெளி)

அழாதே... குழந்தை கண் விழித்தாளா?

(இடைவெளி)

பெரியப்பா என்றா கேட்டாள்?

(துண்டால் முகத்தைத் துடைக்கிறார்.)

டாக்டர் என்றைக்குள் கட்டச் சொன்னார்?... நிலம் வாங்குகிறவனிடம் முன்பணம் எதுவும் வாங்கிவிடாதே.

(இடைவெளி)

எப்போது வாங்கினாய்?

(இடைவெளி)

ஆடியிலேயேவா? நாற்று விடும்போது கூடவே நின்றாயே!

(மிக நீண்ட இடைவெளி. மழை தொடங்குகிறது.)

சரி. கையெழுத்துப் போட நான் எங்கே வர வேண்டும்?

(இடைவெளி)

இரைச்சலா? லாரி வந்திருக்கிறது. நம் மூட்டைகளைத்தான் ஏற்றுகிறார்கள். வைக்கிறேன்.