பணி ஆணை: மொட்டைமாடித் தளமும் சன்ஷேடுகளும் பழுதுபார்ப்பு

தண்டையார்பேட்டை, சென்னை
14.07.2025

கட்டட ஒப்பந்ததாரர் திரு. செல்வம் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்காக நீங்கள் 02.07.2025 அன்று கொடுத்த விலைப்புள்ளியைச் சங்கக் கூட்டத்தில் பேசி ஏற்றுக்கொண்டோம். வந்த மூன்றில் உங்களுடையது குறைந்த விலை அல்ல. ஆனால் நீங்கள் ஒருவர்தான் மாடி முழுக்கச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு விலை சொன்னீர்கள். அதனால் இந்த வேலையை உங்களிடமே ஒப்படைக்கிறோம்.

மொட்டைமாடி 3,600 சதுர அடி. பழைய தட்டோடுகளைப் பெயர்த்து, சுருக்கித் தளம் புதிதாகப் போட்டு, வாட்டம் சரிசெய்து, ஓடு பதிக்க வேண்டும். சதுர அடிக்கு 115 ரூபாய் வீதம் 4,14,000 ரூபாய். சன்ஷேடு 340 அடி நீளம், அடிக்கு 350 ரூபாய் வீதம் 1,19,000 ரூபாய். மொத்தம் 5,33,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 95,940 ரூபாய் சேர்த்து 6,28,940 ரூபாய். சாரம், ஆள்கூலி, இடிபாடு அகற்றும் வண்டிக்கூலி எல்லாம் இதற்குள் அடக்கம்.

சன்ஷேடு வேலையில்தான் எங்களுக்குக் கவலை அதிகம். கடற்காற்றில் கம்பி துருப்பிடித்து உப்பி, காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வருகிறது. மேலே சிமென்ட் பூசி மறைத்தால் அடுத்த வருடமே மறுபடி உதிரும், கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள். எனவே கம்பியின் பின்புறம் தெரியும்வரை கொத்தி, துருவை முழுக்கத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்த பிறகே பாலிமர் கலவை பூச வேண்டும். மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்ட வேண்டும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. கலவைக்கோ, நனைப்பதற்கோ ஒரு குடம்கூட அதிலிருந்து எடுக்கக் கூடாது. மெட்ரோ வாட்டர் லாரிக்கான செலவைச் சங்கம் தனியாக ஏற்கும். ஒவ்வொரு பகுதியையும் பூசுவதற்கு முன் எங்களிடம் காட்டிவிடுங்கள்.

வேலை 28.07.2025 திங்கட்கிழமை தொடங்கி, 45 நாளில், அதாவது 10.09.2025க்குள் முடிய வேண்டும். ஆடி கழித்துத் தொடங்கலாமா என்று கேட்டீர்கள். அப்படிச் செய்தால் சுருக்கித் தளம் காய்வதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். புதுவீடு கட்டவில்லையே, பழுதுதானே பார்க்கிறோம். தயவுசெய்து தள்ளிப்போட வேண்டாம்.

பிணை வைப்புத் தொகை, வரிக்கு முந்தைய மதிப்பில் 5 சதவீதம், அதாவது 26,650 ரூபாய். அதைச் சங்கத்தின் பெயரில் வங்கி வரைவோலையாக 21.07.2025க்குள் செலுத்துங்கள். வேலை முடிந்த 12 மாதத்துக்குள் கசிவோ உதிர்வோ வந்தால் உங்கள் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். அந்தக் காலம் முடிந்ததும் தொகையை வட்டியில்லாமல் திருப்பித் தருவோம். முன்பணம் கிடையாது. சன்ஷேடு முடிந்ததும் அதற்கான தொகையும், மாடியில் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்து ஒழுகவில்லை என்று உறுதியானதும் மீதியும், சட்டப்படியான வரிப் பிடித்தம் போகத் தரப்படும்.

சம்மதம் என்றால் இணைத்துள்ள நகலில் கையெழுத்திட்டு, வரைவோலையோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்,
குடியிருப்போர் சங்கம்