பத்து வருசம் ஆச்சுங்க

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பில் இல்லை. பாக்கியை ஞாபகப்படுத்தும் மெயிலும் இல்லை. பயப்படாமல் படிக்கலாம்.

போன வாரம் பழைய கம்ப்யூட்டரை மாற்றினேன். ஃபைல்களைப் புது ஹார்ட் டிஸ்குக்கு ஏற்றும்போது label_final_7.cdr என்று ஒன்று கண்ணில் பட்டது. தேதி 2015 ஜூன். வேலையை விட்டுவிட்டு, ஈரோட்டில் வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டுத் தனியாக டிசைன் வேலை ஆரம்பித்த மாதம் அது. இந்தப் பத்து வருசத்தில் உங்களில் ஒருத்தருக்காவது உட்கார்ந்து நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. வேலை முடிந்ததும் "சரிங்க, தேங்க்ஸுங்க" என்று போனை வைப்பதோடு சரி.

அந்த லேபிள் மஞ்சள் தூள் பாக்கெட்டுக்குப் போட்டது. எலுமிச்சம்பழ மஞ்சளில் பளிச்சென்று அடித்து மண்டிக்கு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. மூட்டையிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்துப் படக்கென்று ஒடித்தார். ஒடிந்த முனையை என் பிரிண்ட் மேல் வைத்தார். உள்ளே கிட்டத்தட்ட ஆரஞ்சு. "இந்தக் கலரைப் பாத்துத்தானுங்க வெலையே வைக்கிறோம்" என்றார். ஏழாவது தடவையில்தான் அந்த நிறம் பிடிபட்டது. அந்த விரலித் துண்டு இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. அப்புறம் எந்தப் பொருளுக்கு டிசைன் செய்தாலும், ஒருமுறை கையில் தொட்டுப் பார்க்காமல் கம்ப்யூட்டரைத் திறப்பதில்லை.

காங்கேயம் எண்ணெய்ச் செக்கு அண்ணனுக்கு நான் நன்றியும் சொல்ல வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும். மூவாயிரம் லேபிளில் போன் நம்பரின் கடைசி இரண்டு எண்களை இடம் மாற்றிப் போட்டது நான்தான். யாரோ ஒரு புண்ணியவான் நாலு நாளாகத் தேங்காய் எண்ணெய் விலை கேட்டு வந்த போன்களையெல்லாம் எடுத்திருக்கிறார். அண்ணன் என்னைக் கூப்பிட்டபோது மணி ஒன்றரை. எடுத்ததும் "சாப்ட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "சரி, சாப்ட்டுட்டுக் கூப்புடுங்க, அவசரமில்லீங்க." சாப்பிட்டுவிட்டுக் கூப்பிட்ட பிறகுதான் விஷயத்தையே சொன்னார். அன்று ராத்திரி குடோனில் உட்கார்ந்து எல்லாருமாகச் சரியான நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினோம். நடுவில் அக்கா அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். தப்பு செய்தவனுக்குத்தான் முதல் தட்டு. ஸ்டிக்கர் செலவை என் பில்லில் கழிக்கச் சொல்லியும் கழிக்கவில்லை.

2020 ஏப்ரலைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன், எல்லாருக்கும் அதே கதைதான். ஊரடங்கில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனி அண்ணன் எட்டாயிரம் ரூபாய் போட்டுவிட்டு, "அப்புறம் வேலையில கழிச்சுக்கலாங்க" என்று ஒரே வரியில் மெசேஜ் அனுப்பினார். அவர் கம்பெனியிலும் அப்போது மிஷின் ஓடவில்லை என்பது எனக்குத் தெரியும். ரெண்டு மாதம் கழித்து மாஸ்க் பாக்கெட்டுக்கு டிசைன் கேட்டார். முடித்துக் கொடுத்து அந்தப் பணத்தைக் கழிக்கப் போனால், "அது எதுக்குங்க, வேற கணக்கு" என்று பேச்சை மாற்றிவிட்டார். அந்தக் கணக்கு என் நோட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது, அண்ணா.

பவானி அக்காவுக்கு ஒரு தனி வரி. ஜமக்காளம் முழுசாக ஃபோட்டோவில் அடங்காமல், நான் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் மேல் ஏறி நின்றபோது, கீழே ரெண்டு பேரை ஏணி பிடிக்க நிறுத்தினீர்களே, அந்தப் படத்தில் ஓரமாக ஒரு கை விழுந்திருக்கிறது. நேற்றுதான் கவனித்தேன். அழிக்கவில்லை.

இங்கே சொல்லாமல் விட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எல்லாருக்கும் ஒரே மெயிலாகத்தான் அனுப்புகிறேன், ஆனால் உங்கள் பங்கு எதுவென்று உங்களுக்குத் தெரியும். கேட்ட தேதிக்கு நான் வேலையைக் கொடுக்காத நாட்களில், அதட்டாமல் "என்னாச்சுங்க, ஒடம்புக்கு ஏதுமா?" என்று விசாரித்தவர்கள்தானே நீங்கள் எல்லாரும். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் இந்த நன்றி.

பதில் போட வேண்டும் என்றில்லை. அந்தப் பழைய மஞ்சள் லேபிளை, ஒன்றிலிருந்து ஏழு வரை, ஒரே படமாக இணைத்திருக்கிறேன். முதலாவதைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
செந்தில்
ஈரோடு