கையில் இருப்பதை எங்களுக்கும் காட்டுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். தாத்தாக்கள், ஆச்சிகள், மாமாக்கள், அத்தைகள், டீச்சர், சார், பின்னால் தூணோரமாக நின்றுகொண்டு "பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவேன்" என்று சொன்ன அண்ணாச்சி, எல்லாருக்கும்தான். அண்ணாச்சி, உட்காருங்கள், நாற்காலி நிறைய இருக்கிறது. சாரல் விட்டுவிட்டு அடிக்கிற இந்த நேரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் வந்ததே பெரிய விஷயம்.

மைக்கில் பேசி எனக்குப் பழக்கமில்லை. தென்காசியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், சாயங்காலம் நம் தெரு இளைஞர் மன்றத்தில் இருக்கிறேன், அவ்வளவுதான். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுதந்திர தினம் முடிந்து வருகிற சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதே சமுதாய நலக்கூடத்தில் ஒரு பயிற்சிப் பட்டறை வைக்கிறோம். கற்றுக்கொள்ள வருவது எங்கள் வயசுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும். கற்றுக்கொடுக்கப் போவது நீங்கள். வெளியூரிலிருந்து ஆள் கூப்பிடவில்லை, கூப்பிடப் போவதும் இல்லை.

இதைச் சொல்லத்தான் போன வாரம் முழுக்க வீடு வீடாக வந்தோம். எல்லா வீட்டிலும் ஒரே பதில், "எனக்கு என்னப்பா தெரியும், நான் என்ன வாத்தியாரா?" நாற்பது வருஷம் ஒரே வேலையைச் செய்தவர் இப்படிச் சொல்லும்போது எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. உங்களுக்கு அது தெரிந்த விஷயமாகவே தோன்றவில்லை, தினமும் பல் தேய்க்கிற மாதிரி ஆகிவிட்டது. எங்களுக்கோ அது சுத்தமாகத் தெரியாது.

ஒன்று சொல்கிறேன். நம் பிரானூர் பார்டரில் மர அறுப்பு மில் எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், இந்தத் தெருவில் பாதி வீட்டில் யாராவது ஒருவர் அதில் வேலை பார்த்திருப்பார். (பார்டர் என்கிறோம், ஆனால் இப்போது எல்லை அங்கேயா இருக்கிறது? 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதே எல்லை மலைப்பக்கம் தள்ளிப் போய்விட்டது, பேர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.) மில்லில் தடி அளக்கிற வேலையில் இருந்த ஒரு மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். பேரைச் சொன்னால் கூச்சப்படுவார், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். நாற்பத்தெட்டு அங்குலம் சுற்றளவு, பத்தடி நீளம், எத்தனை கன அடி வரும் என்று கேட்டேன். நான் போனைக் கையில் எடுப்பதற்குள் "பத்து" என்றார். எப்படி மாமா என்றால், சுற்றளவை நாலாக மடி, பன்னிரண்டு, பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கு, நூற்று நாற்பத்து நாலு, நீளத்தால் பெருக்கி நூற்று நாற்பத்து நாலால் வகுத்துக்கொள், முடிந்தது என்கிறார்.

நான் கணக்கு எழுதுகிறவன் இல்லையா, விடுவேனா? வட்டத்துக்கு உரிய சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன், 12.7 கன அடி வந்தது. மாமா, உங்கள் கணக்கில் ரெண்டே முக்கால் கன அடி எங்கேயோ போய்விட்டதே என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உருண்டைத் தடியைச் சதுரமாக்கும்போது நாலு பக்கமும் வெட்டி எறிகிற புறப்பலகைக்கும் பட்டைக்கும் எவன் காசு கொடுப்பான்?" என்றார். அந்தக் கழிவையும் சேர்த்து யோசித்துத்தான் அந்தக் காலத்திலேயே அளவு முறையை வைத்திருக்கிறார்கள். என் போனில் இருந்தது சரியான விடைதான், ஆனால் மரக்கடையில் அதை வைத்துக்கொண்டு ஒரு ஜன்னல் சட்டம் கூட வாங்க முடியாது. வீடு கட்டும்போது மரம் வாங்கப் போகிற எங்களுக்கு இந்த ஒரு மணி நேரப் பாடம் எத்தனை ஆயிரத்தை மிச்சம் பண்ணும், நீங்களே சொல்லுங்கள்.

அதே மாமா வாளுக்கு அரம் போடுவதையும் காட்டினார். பல்லைக் கூராக்கினால் மட்டும் போதாதாம், ஒரு பல் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி லேசாக வளைத்து செட் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாள் மரத்துக்குள் சிக்கிக்கொண்டு இழுக்கவே வராது. எவ்வளவு லேசாக என்று கேட்டேன். என் கையை எடுத்து அந்தப் பல் மேல் வைத்தார். வீடியோவில் இது கிடைக்காது. வீடியோவில் என்ன செய்ய வேண்டும் என்று இருக்கும், நான் செய்ததில் எது தப்பு என்று அது சொல்லாது. எங்களுக்கு வேண்டியது அதுதான், பக்கத்தில் நின்று "ஏலே, அப்படி இல்லை" என்று சொல்கிற ஆள்.

ரயில்வேயில் இருந்தவர்கள் மூன்று பேரை இங்கே பார்க்கிறேன். 2010-இல் புனலூர் பாதையில் மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள், 2018-இல் அகலப் பாதை வந்த பிறகுதான் மறுபடி ரயில் ஓடியது. நடுவில் வளர்ந்த பிள்ளைகள் அந்தப் பழைய வண்டியைப் பார்த்ததே இல்லை. மலை ஏற ஏன் பின்னாலும் ஒரு எஞ்சினைப் போட்டுத் தள்ளினார்கள், மழைக்காலத்தில் தண்டவாளத்தை நடந்து பார்க்கிறவர் எதைத் தேடுவார், சுத்தியலால் தட்டினால் சத்தத்தில் என்ன தெரியும், இதெல்லாம் கதையாகச் சொன்னால் போதும். கதை சொல்வதும் கணக்கில் சேரும், பயப்படாதீர்கள்.

அப்புறம் கோர்ட்டிலும் பத்திர ஆபீஸிலும் எழுத்து வேலை பார்த்த தாத்தா. ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் சொந்தபந்தமும் துண்டு நிலமும் இருக்கிற குடும்பங்கள் நம்மிடம் எத்தனை! பரணில் மலையாளப் பத்திரம் கிடக்கிறது, எழுத்தைப் படிக்க ஆள் இல்லை. படித்தாலும் கொல்லம் ஆண்டு போட்டிருந்தால் எங்களுக்குத் திண்டாட்டம். ஆவணி முதல் டிசம்பர் வரைக்கும் என்றால் 824 கூட்டு, ஜனவரியிலிருந்து ஆடி வரைக்கும் என்றால் 825 கூட்டு என்று தாத்தா ஒரே வரியில் சொல்லிவிட்டார். அந்த ஒரே வரி தெரியாமல் எத்தனை வீட்டில் வருஷத்தை மாற்றி மாற்றிப் போட்டுச் சண்டை நடந்திருக்கும்! தாத்தா, ஞாயிறு காலை உங்களுக்கு. யாராவது பழைய பத்திரம் கொண்டுவந்தால் படித்துக் காட்டுங்கள், வழக்குக்குள் எல்லாம் உங்களை இழுத்துவிட மாட்டோம், அது என் பொறுப்பு.

ஆச்சிகளே, நீங்கள் சிரித்துக்கொண்டு தப்பிக்கலாம் என்று பார்க்காதீர்கள். சாரல் மாசத்தில் வெயிலே இல்லாமல் வத்தல் எப்படிக் காய்கிறது என்பது எங்களுக்கு இன்னும் மர்மம்தான். பனை ஓலைக் கொட்டான் முடைய இந்தத் தெருவில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், இரண்டு பேருமே இப்போது முன்வரிசையில் இருக்கிறீர்கள். ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைக்கிற பக்குவத்திலிருந்து ஆரம்பியுங்கள், இரண்டு நாளில் ஒரு பிள்ளை ஒரு கொட்டானை முழுசாக முடித்தால் போதும், கோணலாக இருந்தாலும் சரி. தையல் அத்தை, உங்களுக்குத் தனியாக ஒரு மேசை. நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்று மெஷினையே விற்கப் போனவர்களை நீங்கள்தானே தடுத்து நிறுத்தி, ஊசியைக் கழற்றித் திருப்பிப் போட்டுக் கொடுத்தீர்கள்!

குடை ரிப்பேர் தெரிந்தவர் யாராவது இருந்தால் தயவு செய்து கையைத் தூக்குங்கள். நம் ஊரில் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் குடை இல்லாமல் நடக்காது, ஒரு கம்பி போனதும் குப்பையில் போடுகிறோம். கம்பியை மாற்றி, மெழுகு தடவிய நூலால் துணியின் முனையைத் தைத்தால் இன்னும் இரண்டு சாரலுக்கு வரும். ஆ, அண்ணாச்சி, பின்னால் நின்றவர்தானே, பார்த்தேன் பார்த்தேன், கையை இறக்காதீர்கள்.

சரி, உங்கள் சந்தேகங்களுக்கு வருகிறேன், வீட்டில் கேட்டதை வைத்தே சொல்கிறேன். மேடையில் நிற்க வேண்டாம், மேடையே போடப் போவதில்லை. ஒரு மேசை, சுற்றி ஆறு பிள்ளைகள், அதற்கு மேல் விடமாட்டோம். முட்டி வலிக்கிறவர்களுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி உண்டு, கழிப்பறை உள்ளேயே இருக்கிறது, அதன் குழாயைச் சரிபண்ணச் சொல்லி ஆளை அனுப்பிவிட்டோம். காது கொஞ்சம் மந்தமாக இருந்தால் மூலையில் இருக்கிற அறையைத் தருகிறோம், அங்கே சத்தம் வராது. ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம்தான், நடுவில் சோர்வாக இருந்தால் எழுந்து போய்விடலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். மாத்திரை நேரத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சாப்பாட்டை அதற்குத் தகுந்தபடி போடுகிறோம்.

சம்பளம் கிடையாது, அதை ஒளிக்கவில்லை. ஆட்டோவை நாங்கள் பிடித்து வருகிறோம், ஓலை, நூல், அரம், துணி எல்லாம் மன்றத்துச் செலவு. உங்களுக்குப் பழகிய கருவி இருந்தால் அதையே கொண்டுவாருங்கள், வேறு கத்திரி பிடித்தால் கை வராது என்று அத்தை ஏற்கெனவே கறாராகச் சொல்லிவிட்டார். பேரைப் பொறித்து, துணியில் சுற்றி, சாயங்காலம் அதே மாதிரி வீட்டில் கொண்டுவந்து சேர்ப்போம்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையில் போனோடுதான் வருவார்கள், பிடுங்க வேண்டாம், படம் எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் முகம் படத்தில் வர வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள், கையை மட்டும் எடுக்கச் சொல்கிறோம். திட்டலாம், நம் பிள்ளைகள்தானே. ஆனால் வேலையை அவர்கள் கையிலிருந்து பிடுங்கி நீங்களே செய்து முடித்துவிடாதீர்கள், அது ஒன்றுதான் எங்கள் வேண்டுகோள். உங்களால் பொறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும், என் வீட்டு ஆச்சியைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், தோசைக் கரண்டியைக் கூட என் கையில் அரை நிமிஷத்துக்கு மேல் விடமாட்டார். கெடுக்கட்டும். ஓலை போனால் போகிறது, வேறு ஓலை வாங்கிக்கொள்ளலாம்.

"வேலை இல்லாமல் கிடக்கிறது, அதனால்தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது" என்று யாராவது சொல்வார்களோ என்ற தயக்கமும் ஓரிரண்டு பேருக்கு இருக்கிறது. அப்படிச் சொல்கிறவர் வீட்டு மிக்சியோ குடையோ கெட்டுப் போகிற நாள் வராமலா போகும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

சுக்குக் காபி வந்துகொண்டிருக்கிறது, சர்க்கரை போடாததும் தனியாக ஒரு கேனில் இருக்கிறது. நோட்டு இந்தத் தம்பி கையில். பேர், என்ன சொல்லித் தருவீர்கள், சனியா ஞாயிறா, காலையா மாலையா, இவ்வளவுதான் எழுத வேண்டும். எழுதக் கண் சரியில்லை என்றால் சொல்லுங்கள், அவன் எழுதிக்கொள்வான். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பவர்கள் வியாழக்கிழமைக்குள் சொன்னால் போதும், நாங்களே வீட்டுக்கு வந்து கேட்டுக்கொள்கிறோம். தடி அளந்த மாமா, முதல் பேராக உங்களுடையதை எழுதட்டுமா? சனி காலை பத்து மணி. தலையை ஆட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டேன், வாயால் சொல்லுங்கள்.