கிரயக்கூற்று: 2025 ஜூன் மாதம்

தேயிலைத் தொழிற்சாலை, பசறை
பங்காளிகளின் ஜூலைக் கூட்டத்துக்காகக் கணக்குப் பிரிவு தயாரித்தது. தொகைகள் எல்லாம் ரூபாயில்.

கூற்றுக்குள் போவதற்கு முன் நிறைக்கணக்கு. இது பிழைத்தால் கீழே வரும் எந்தத் தொகையும் நிற்காது. மே 31 இரவு வாட்டுத் தொட்டியில் கிடந்த கொழுந்து 2,500 கிலோ. ஜூனில் வந்து இறங்கியது 93,000 கிலோ. ஈர இலைக்கும் கூடைக்கும் கழித்த பிறகுள்ள நிறை இது. ஜூன் 30 இரவு தொட்டியில் நின்றது 3,500 கிலோ. ஆக, ரோலருக்குப் போனது 92,000 கிலோ. தூளாக வந்தது 19,780 கிலோ, அதாவது நூற்றுக்கு 21.5.

முதன்மைக் கிரயம்

| விபரம் | | தொகை |
|---|---:|---:|
| பச்சைக் கொழுந்து, 93,000 கிலோ × 186 | 17,298,000 | |
| கொழுந்து லொறிக் கூலி, கிலோவுக்கு 8 | 744,000 | |
| பேப்பர் சாக்கு: தொடக்க இருப்பு 78,000 + கொள்வனவு 130,000 − இறுதி இருப்பு 79,300 | 128,700 | |
| நேர் மூலப்பொருள் | | 18,170,700 |
| நேர்க் கூலி, 24 பேர் × 25 நாள் × 1,500 | 900,000 | |
| சேமலாப நிதி 12%, நம்பிக்கை நிதி 3% | 135,000 | |
| நேர்க் கூலி மொத்தம் | | 1,035,000 |
| நேர்ச் செலவு: வெளியே கலர் சோட்டரில் போட்ட 4,200 கிலோ × 6 | | 25,200 |
| முதன்மைக் கிரயம் | | 19,230,900 |

மூலப்பொருளில் கொழுந்துக்குத் தொடக்க இருப்பு, இறுதி இருப்பு என்ற வரிகளே இல்லை. கொழுந்தைக் களஞ்சியத்தில் அடுக்கி வைக்க முடியாது; இறங்கிய அன்றே தொட்டிக்குப் போய்விடும். தொட்டிக்குப் போனது மூலப்பொருள் அல்ல, முடிவுறா வேலை. அதனால் அந்த இரண்டு வரிகளும் அடுத்த பகுதியில் வருகின்றன. இதே காரணத்தால் முதன்மைக் கிரயத்துக்குக் கிலோ வீதம் போடவில்லை. 93,000 கிலோ இலையின் விலையை 92,000 கிலோவிலிருந்து வந்த தூளால் வகுத்தால் வருவது வெறும் எண், விலை அல்ல.

ஊழியரின் பங்கான 8% அவர்களது கூலிக்குள்ளேயே இருக்கிறது. நாம் கட்டும் 15% மட்டுமே தனியாக ஏறியிருக்கிறது.

தொழிற்சாலைக் கிரயம்

| விபரம் | | தொகை |
|---|---:|---:|
| முதன்மைக் கிரயம் | | 19,230,900 |
| டிரையர் விறகு: தொடக்க இருப்பு 140,000 + கொள்வனவு 520,000 − இறுதி இருப்பு 165,000 | 495,000 | |
| மின்சாரம் | 468,000 | |
| ஜெனரேட்டர் டீசல் | 38,000 | |
| நேரில் கூலி: டீமேக்கர், மெக்கானிக், விறகு போடுபவர், காவல், துப்புரவு | 312,000 | |
| மேலதிக நேரத்தின் கூடுதல் படி | 46,000 | |
| ரோலர், டிரையர் திருத்தம் | 118,000 | |
| காப்புறுதி | 42,000 | |
| எண்ணெய், கழுவும் சாமான் | 21,000 | |
| இயந்திர, கட்டடத் தேய்மானம் | 265,000 | |
| தொழிற்சாலை மேந்தலை | | 1,805,000 |
| கூட்டு: தொடக்க முடிவுறா வேலை, 2,500 கிலோ × 190 | | 475,000 |
| கழி: இறுதி முடிவுறா வேலை, 3,500 கிலோ × 194 | | (679,000) |
| கழி: கழிவுத் தூள் விற்றது, 600 கிலோ × 120 | | (72,000) |
| தொழிற்சாலைக் கிரயம் | | 20,759,900 |

விறகை நேர்ச் செலவில் போடலாமே என்று சென்ற கூட்டத்தில் ஒரு பங்காளி கேட்டிருந்தார். டிரையரில் எரியும் விறகில் எந்தக் கட்டை எந்தத் தரத்துக்கு எரிந்தது என்று பிரிக்க வழியில்லை. அதனால் மேந்தலையிலேயே வைத்திருக்கிறேன். மேலதிக நேரமும் அப்படித்தான்: கொழுந்து குவிந்த முதல் வாரத்தில் ராத்திரியும் ரோலர் ஓடியது. அந்த மணிகளின் சாதாரணக் கூலி நேர்க் கூலியில் இருக்கிறது, கூடுதல் படி மட்டும் இங்கே. இந்தப் படிக்குச் சேமலாப நிதி கட்டத் தேவையில்லை.

முடிவுறா வேலையின் மதிப்பு இலை விலையும் லொறிக் கூலியும் மட்டுமே. ஒரு இரவு ஓடிய விசிறியின் கரண்டை அதில் ஏற்றப் போனால் கணக்கு நீளுமே ஒழிய எண் பெரிதாக மாறாது.

உற்பத்திக் கிரயம்

| விபரம் | | தொகை |
|---|---:|---:|
| தொழிற்சாலைக் கிரயம் | | 20,759,900 |
| அலுவலகச் சம்பளம், நிதிகள் உட்பட | 385,000 | |
| தொலைபேசி, அலுவலக மின்சாரம் | 24,000 | |
| காகிதாதிகள் | 13,500 | |
| கணக்காய்வுக் கட்டணம், மாதப் பங்கு | 30,000 | |
| அலுவலகத் தேய்மானம் | 18,000 | |
| நிர்வாக மேந்தலை | | 470,500 |
| உற்பத்திக் கிரயம் | | 21,230,400 |
| கிலோவுக்கு (19,780 கிலோ) | | 1,073.33 |

விற்பனைக் கிரயம்

| விபரம் | | தொகை |
|---|---:|---:|
| உற்பத்திக் கிரயம் | | 21,230,400 |
| கூட்டு: தொடக்கத் தூள் இருப்பு, 5,200 கிலோ × 1,061 | | 5,517,200 |
| கழி: இறுதித் தூள் இருப்பு, 4,480 கிலோ × 1,073.33 | | (4,808,518) |
| விற்ற தூளின் கிரயம், 20,500 கிலோ | | 21,939,082 |
| கொழும்புக்கு லொறி, கிலோவுக்கு 9 | 184,500 | |
| தரகர் கழிவு 1% | 235,340 | |
| கொழும்புக் களஞ்சிய வாடகை | 41,000 | |
| மாதிரித் தூள் | 16,000 | |
| விற்பனை, விநியோக மேந்தலை | | 476,840 |
| விற்பனைக் கிரயம் | | 22,415,922 |
| இலாபம் | | 1,118,078 |
| விற்பனை, 20,500 கிலோ × சராசரி 1,148 | | 23,534,000 |

இரண்டு லொறிகளையும் குழப்ப வேண்டாம். கொழுந்து ஏற்றி வரும் லொறி மூலப்பொருளோடு சேரும். தூளைக் கொழும்பு ஏலத்துக்குக் கொண்டுபோகும் லொறி விற்பனைச் செலவு. பேப்பர் சாக்கு இல்லாமல் மொத்தத் தூள் களஞ்சியத்தை விட்டே நகராது என்பதால் அது மேலேயே ஏறிவிட்டது.

முதலில் வந்த தூள் முதலில் போனதாகக் கொண்டு, இறுதி இருப்பை ஜூன் வீதத்தில் மதிப்பிட்டிருக்கிறேன். ஜூலையிலிருந்து ஊவாவில் காய்ந்த காற்று அடிக்கும், வாசத்தூளுக்கு நல்ல விலை வரும், ஆகவே இருப்பைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டலாம் என்று யோசனை சொல்லப்பட்டது. சரி, விலை வரட்டும். வந்த மாதத்தில் இலாபமாக எழுதுவோம்.

விற்ற ஒரு கிலோவுக்கு விற்பனைக் கிரயம் 1,093.46, இலாபம் 54.54, விற்பனையில் 4.75%. இதில் வங்கி வட்டி 210,000 கழிக்கப்படவில்லை. கோவில் திருவிழாவுக்குக் கொடுத்த 25,000 ரூபாயும் இல்லை. கொழுந்துக்காரருக்குக் கொடுத்த முற்பணம் செலவே அல்ல, வரவேண்டிய காசு. இவையெல்லாம் இலாப நட்டக் கணக்கிலோ ஐந்தொகையிலோ வரும், அதனால் அங்கே தெரியும் இலாபம் இதைவிடக் குறைவாக இருக்கும்.

இனிச் சொல்ல வேண்டியது ஒன்று. உற்பத்திக் கிரயத்தில் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 84 ரூபாய் கொழுந்துக்கும் அதை ஏற்றிய லொறிக்கும் போகிறது. விறகைப் பத்தில் ஒன்று மிச்சம் பிடித்தாலும் மாதத்துக்கு 49,500 ரூபாய்தான். ஆனால் விளைவு 21.5 இலிருந்து 21.0 ஆக இறங்கினால் அதே 92,000 கிலோவில் 460 கிலோ தூள் குறையும். சராசரி விலையில் 528,080 ரூபாய், அதாவது இந்த மாத இலாபத்தில் ஏறத்தாழப் பாதி. ஜூன் 20க்குப் பிறகு லொறியில் முத்தல் இலை கூடுதலாக வந்ததாக டீமேக்கர் ஐயா நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆகவே விறகுக்காரரிடம் பேரம் பேசுவதற்கு முன்னால், நிறுக்கும் இடத்தில் இலை பார்க்க ஒருவரை நிறுத்தும் பிரேரணையைக் கூட்டம் எடுத்துக்கொள்ள வேண்டும். அவரது மாதச் சம்பளம் நிதிகளோடு 52,000. தொழிற்சாலை மேந்தலையில் ஏறும், உற்பத்திக் கிரயம் கிலோவுக்கு 2.63 கூடும்.

கணக்காளர்
2025 ஜூலை 8